பொருள் எண் பத்தொன்பது

நகராட்சிக் கூட்ட அரங்கில் அவரை எல்லோரும் வரிசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவர் முதல் டீ கொண்டுவருபவர் வரை அப்படித்தான். முகத்துக்கு நேராக 'வரிசை சார்'. முதுகுக்குப் பின்னால் வெறும் வரிசை. அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

பேர் வந்த கதை சுருக்கமானது. நாளிதழில் சேர்ந்த புதிதில் அவர் எழுதிய முதல் கூட்டச் செய்தியில் ஒரு கவுன்சிலரின் பேர் விட்டுப்போனது. அந்த மனுஷர் ஆள் அம்போடு பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து நின்று ஆடித் தீர்த்துவிட்டார். அப்போதிருந்த ஆசிரியர் வரிசைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருப்பா, கூட்டத்துல என்ன வரிசையில நடந்துச்சோ அதே வரிசையில எழுதிடு. ஒருத்தன் பேரும் விடாத. அப்புறம் எவனும் நம்ம வாசல்ல வந்து நிக்கமாட்டான்" என்றார். வரிசைக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆசிரியர் ஓய்வுபெற்றுப் போனார், அவருக்கு அடுத்தவரும் போனார். வரிசைக்காரரின் பிடி மட்டும் தளரவே இல்லை.

அவர் செய்தி எப்படி இருக்கும் தெரியுமா? தலைவர் தலைமை தாங்கினார். ஆணையர் முன்னிலை வகித்தார். பொருள் ஒன்று, இரங்கல் தீர்மானம். பொருள் இரண்டு, சென்ற கூட்ட நடவடிக்கைகளுக்கு ஒப்புதல். பொருள் மூன்று, துப்புரவு வண்டிகளுக்கு டயர் வாங்குதல். இப்படியே படியிறங்கிப் போய்க் கடைசியில் 'கூட்டம் முடிவுற்றது' என்று தரையில் கால் வைக்கும். ஊரையே புரட்டிப்போடும் முடிவு ஒன்று இருபதாவது பொருளாக வந்தால், அது இருபதாவது பத்தியில் உட்கார்ந்திருக்கும். அங்கே வரை படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? அவர் மனைவிக்கே இல்லை. "உங்க நியூஸ்ல விஷயம் எப்பவும் கடைசி வீட்டுலதான் குடியிருக்கு. அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது" என்பாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஊரில் ஒரு கூட்டம் அவரை எழுத்துக்கு எழுத்து படித்தது. வரிசை சார் எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது, எழுதவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தம். இந்த நம்பிக்கையை அவர் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். அது எவ்வளவு பொல்லாத சொத்து என்பது அவருக்கே அப்போது தெரியாது.

அன்றைய கூட்டமும் எல்லாக் கூட்டத்தையும் போலத்தான் ஆரம்பித்தது. மின்விசிறி கரகரவென்று சுற்றியது. இரங்கலுக்கு எழுந்து நின்றவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். டயர், தெருவிளக்கு, பூங்காவுக்கு வேலி என்று எழுத்தர் ஒவ்வொன்றாக வாசித்தார். பாதி வழியில் எல்லோருக்கும் பசி எடுத்துவிட்டது. "மீதி எல்லாம் ஆல் பாஸ் போட்டுடலாமே" என்று ஒரு குரல் கேட்டது. எழுத்தர் மூச்சுவிடாமல் தலைப்புகளை மட்டும் படித்தார், மேசைகள் தட்டப்பட்டன, எல்லாம் நிறைவேறின. விமான நிலைய அறிவிப்புகூட அவ்வளவு வேகமாக இருக்காது.

அந்த வேகத்தில் போன பத்தொன்பதாவது பொருளின் தலைப்பு 'மேற்குப் பகுதி – குடிநீர் விநியோகம் – இடைக்கால ஏற்பாடு'. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத தலைப்பு. ஆனால் வரிசைக்காரர் எதையும் விடாத ஆள் ஆயிற்றே. மற்ற நிருபர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போக, இவர் மட்டும் உட்கார்ந்து பின்னிணைப்பைப் புரட்டினார். ஆற்றுக் குழாயைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். அது முடியும் வரை, முன்பு மூடிவைத்த ஆழ்துளைக் கிணற்றைத் திறந்து மேற்குப் பகுதிக்குத் தண்ணீர் விடப்போகிறார்கள். மறுநாள் காலையிலிருந்தே. பரிசோதனைக் குறிப்பின் கடைசியில் ஒரு வரி: நைட்ரேட் அளவு வரம்பை மீறியுள்ளது, பச்சிளங் குழந்தைகளின் உணவுக்கு ஏற்றதல்ல.

மேற்குப் பகுதி என்பதை இன்னொரு தடவை படித்தார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அது. பேத்தி பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. தாய்ப்பால் போதாமல் பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

பின்னிணைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குடிநீர்ப் பொறியாளரின் அறைக்குப் போனார். பொறியாளர் கெட்ட மனுஷர் இல்லை, களைத்த மனுஷர்.

"சார், இது என்ன சார் விஷயம்?"

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். கொஞ்ச நாளைக்குத்தானே."

"குழந்தைங்களுக்கு?"

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு அந்தத் தண்ணியில பவுடர் கரைச்சுக் குடுக்கக் கூடாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம போயிடும். உதடு, நகமெல்லாம் நீலம் பாய்ஞ்சா ஆபத்து சார்."

"கொதிக்க வெச்சா?"

"அதைத்தான் எல்லாரும் பண்ணுவாங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், இந்த உப்பு போகாது. தண்ணி வத்த வத்த அது கெட்டியாத்தான் ஆகும். லாரித் தண்ணி தனியா விடணும்னு எழுதியிருந்தேன். 'தேவைப்படின்'னு ஒரு வார்த்தை சேர்த்துட்டாங்க."

"ஜனங்களுக்கு யார் சொல்றது?"

"அறிவிப்புப் பலகையில ஒட்டிட்டோம் சார். நீங்களும் போடுங்க. நீங்க போட்டா நல்லாருக்கும்."

அறிவிப்புப் பலகை மாடிப்படிக்குக் கீழே, பழுதான நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்தது. அதைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் நாற்காலிகளை நகர்த்த வேண்டும்.

அலுவலகத்துக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். 'தலைவர் தலைமை தாங்கினார்' என்று விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன. அடித்ததைப் பார்த்தார். அதன்கீழே இரங்கல் வரும், டயர் வரும், வேலி வரும். தண்ணீர் வருவதற்குள் பக்கமே முடிந்துபோகும். பவுடர் டப்பாவும் கையுமாக நிற்கிற ஒருத்தி அவ்வளவு தூரம் இறங்கி வந்து படிப்பாளா? அடித்த வரியை அழித்தார். நெஞ்சு படபடத்தது என்றால் சிரிப்பீர்கள். ஒரு வரியை இடம் மாற்றுவதில் என்ன படபடப்பு என்று கேட்பீர்கள். ஆயுசு முழுக்க ஒரே வாசல் வழியாக வீட்டுக்குள் போனவரிடம் சுவரேறிக் குதி என்றால் படபடக்கத்தான் செய்யும்.

'மேற்குப் பகுதிக்கு இன்று காலை முதல் ஆழ்துளைக் கிணற்று நீர் விநியோகிக்கப்படும். இந்த நீரை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவோ பால் பவுடர் கரைக்கவோ கூடாது. கொதிக்கவைத்தாலும் பயனில்லை' என்று எடுத்த எடுப்பிலேயே எழுதினார். அடுத்து, ஏன் என்பது. அடுத்து, பொறியாளர் சொன்னது. அதற்குப் பிறகுதான் தலைவரும் இரங்கலும் டயரும். திரும்பப் படித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. இத்தனை வருஷமும் ஏன் இப்படி எழுதாமல் போனோம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? ஒவ்வொரு முடிவின் தலையிலும் பொருள் எண்ணைப் போடுவது அவர் வழக்கம். இதிலும் போட்டிருந்தார். முதல் பத்தியின் தலையில் 'பொருள் 19' என்று இருந்தது. அதன்கீழே பொருள் 1, பொருள் 2, பொருள் 3. அது அவர் கண்ணில் உறுத்தவே இல்லை. தன் மூக்கு தனக்குத் தெரியாத மாதிரிதான் அதுவும். செய்தியைத் தலைமை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்துகிற டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பாவுக்கு நாளையிலேருந்து குழாய்த் தண்ணி வேணாம்மா. கேன் வாங்கிடு. கொதிக்க வெச்சும் குடுக்காத." காரணத்தையும் சொன்னார்.

"ஐயோ, என்னப்பா சொல்றீங்க?" அவள் பதறிப்போனாள். "சரிப்பா, இப்பவே அவரைக் கேன் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"அக்கம்பக்கத்துலயும் சொல்லிடு."

"நீங்கதான் பேப்பர்ல போடறீங்களே, அப்புறம் நான் வேற எதுக்கு வீடு வீடா போய்ச் சொல்லணும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது அவருக்கு. அன்றைக்கு வீட்டில் மனைவியிடம், "நாளைக்கு என் நியூஸைப் படிச்சுப் பாரு, விஷயம் முதல் வீட்டுலயே இருக்கும்" என்றார்.

காலையில் பேப்பரை எடுத்தார். உள்பக்கத்தில், வழக்கமான இடத்தில், வழக்கமான தலைப்பு: நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானங்கள் நிறைவேற்றம். தலைவர் தலைமை தாங்கினார். ஆணையர் முன்னிலை வகித்தார். பொருள் ஒன்று. பொருள் இரண்டு. கண் கீழே கீழே ஓடியது. பதினான்காவது பொருளான பூங்கா வேலியோடு செய்தி நின்றுவிட்டது. அதற்கும் கீழே ஒரு மெத்தைக் கடை விளம்பரம். தம்பதி ஒன்று அதில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்கேயும் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார். மனைவி அடுப்படியிலிருந்து, "முதல் வீடு எங்கங்க?" என்று கேட்டாள். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தவள் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

டெஸ்க்கில் இருப்பவர் அவருக்குப் பல வருஷ சிநேகிதர். முகம் பார்த்தது குறைவு, குரல் பழக்கம் அதிகம். தூக்கத்திலிருந்து எழுந்து போனை எடுத்தார்.

"அண்ணே, நேத்து உங்க நியூஸ் காப்பி தலைகீழா வந்துச்சு. பத்தொன்பதுல ஆரம்பிச்சு ஒண்ணுக்குப் போச்சு. உங்களைப் பத்தித் தெரியாதா எனக்கு? அவசரத்துல எங்கயோ வெட்டி எங்கயோ ஒட்டிட்டீங்கன்னு எண்ணை மட்டும் பாத்து நானே வரிசையா அடுக்கிட்டேன்."

"அடுக்கினீங்க சரி, பத்தொன்பது எங்க?"

"கடைசி நேரத்துல விளம்பரம் ஒண்ணு வந்துடுச்சுண்ணே. பக்கம் போடறவர் எப்பவும் போல அடியிலேருந்து வெட்டிட்டார். அடியில முக்கியமானது இருக்காதுன்னுதானே வெட்டறது. ஏன், ஏதாவது முக்கியமா?"

விஷயத்தைச் சொன்னார்.

"அடக் கடவுளே. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நீங்க ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?"

இரண்டு பேர் மேலும் தப்பு இருந்தது. இரண்டு பேரும் நல்லதைத்தான் நினைத்திருந்தார்கள். இந்த மாதிரித் தப்பில் யாரைப் பிடித்துத் திட்டுவது? மனசாரத் திட்டக்கூட ஆள் கிடைக்காதது பெரிய கொடுமை.

"நாளைக்கு முதல் பக்கத்துலயே போடச் சொல்றேண்ணே. நெட்ல இப்பவே ஏத்தச் சொல்றேன், ஆனா அதைப் பாக்கற ஆள் மத்தியானத்துக்கு மேலதான் வருவார்."

நாளைக்கு. தண்ணீர் இன்றைக்கே வந்துவிட்டது.

வரிசைக்காரர் மகள் வீட்டுக்கு விரைந்து, மருமகனைக் கூப்பிட்டு மேற்குப் பகுதி வாட்ஸ்அப் குழுவில் விவரத்தைப் போடச் சொன்னார். மருமகனும் உடனே போட்டார். சற்று நேரத்தில் குழுவை நடத்துகிறவரிடமிருந்து பதில் வந்தது: தயவுசெய்து வதந்தி பரப்பாதீர்கள். கூடவே ஒரு படம். அன்றைய பேப்பரிலிருந்து வரிசைக்காரரின் செய்தியைப் படம்பிடித்து, 'கூட்டச் செய்தி முழுவதும் படித்துவிட்டேன், அப்படி எந்தத் தீர்மானமும் இல்லை' என்று கீழே எழுதியிருந்தார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. மருமகன் போனை நீட்டியபோது அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் எழுத்தே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது, அதுவும் என்ன பவ்யமாக!

ஆணையருக்குப் போன் போட்டார். ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பொறியாளர் போனை எடுத்தார். கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறாராம், இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல சார், தீர்மானம் ஆயிடுச்சு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அப்புறம் அவர் கால்நடையாகவே கிளம்பினார். கைக்குழந்தை உள்ள வீடு எது எது என்று மகள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சில இடங்களில் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில் வாட்டர் பில்டர் விற்க வந்தவர் என்று நினைத்து, வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒருத்தி பயந்துபோய் உடனே தண்ணீரைக் கொட்டினாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு.

மகள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் குடியிருந்தார். கதவைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்க வரிசை சார்தானே? வாங்க, வாங்க சார்! உங்க நியூஸைத்தான் இப்பப் படிச்சுட்டு இருந்தேன். சவாரிக்குப் போறதுக்கு முன்னாடி முழுசா படிச்சுடுவேன் சார்."

நாற்காலியில் பேப்பர் மடித்துக் கிடந்தது. உள்ளே அவர் மனைவி ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது. பேத்தியின் வயசுதான் இருக்கும்.

வரிசைக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் முக்கியமானது, அப்புறம் காரணம், அப்புறம் பொறியாளர் சொன்னது. நேற்று எழுதியதைவிடத் தெளிவாகவே சொன்னார்.

ஆட்டோக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பேப்பரை எடுத்து விரலால் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டே போய் வேலியில் நிறுத்தினார். "இதுல இல்லையே சார்."

"எழுதினேங்க. வெட்டிட்டாங்க."

"நீங்க எதையுமே விடமாட்டீங்களே சார். டயரைக்கூட விடல பாருங்க. இவ்வளவு பெரிய விஷயம்னா விடுவீங்களா?"

"நான் விடல. அடியில போயிடுச்சு, அடியில இருந்ததை..." என்று தொடங்கியவருக்கு மேலே சொல்ல வரவில்லை. பொருள் எண்ணையும் மெத்தை விளம்பரத்தையும் அந்த வாசலில் நின்று எப்படி விளக்குவது? சொல்லச் சொல்லப் பொய் மாதிரி அவர் காதுக்கே கேட்டது.

"எனக்காக ஒண்ணு பண்ணுங்க. என் பொண்ணு வீட்டுலேருந்து கேன் கொண்டுவந்து தரேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. கோபமில்லாத குரல். "கேன் தண்ணி சுத்தமில்ல, குழாய்த் தண்ணியவே நல்லா கொதிக்க வெச்சுக் குடுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கய்யா. அதான் ரொம்ப நேரம் கொதிக்க விடறேன். பாதியா சுண்டற வரைக்கும் விடுவேன்."

"கொதிக்க வைக்கக் கூடாதும்மா, அதுதான்..."

"அவ டாக்டரம்மா பேச்சைத் தட்டமாட்டா சார்." ஆட்டோக்காரர் அவரை நோகடிக்காமல் அனுப்ப நினைத்தார், தோளில்கூடக் கை வைத்தார். "நீங்க கவலைப்படாதீங்க. நாளைக்கு உங்க பேப்பர்ல வரட்டும். நீங்க எழுதி நான் படிச்சுட்டேன்னா, அடுத்த நிமிஷமே நிறுத்திடறேன்."

உள்ளே பாய்ந்து அந்தப் பாத்திரத்தைத் தட்டிவிடலாமா என்று வரிசைக்காரர் ஒரு கணம் நினைத்தார். அடுத்தவர் வீட்டு அடுப்படி அது. டாக்டரம்மாவைத் தேடிப் போகலாம். அவர் சாயங்காலம்தான் கிளினிக்குக்கு வருவார். பொறியாளரை இழுத்து வரலாம். அவர் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறார். நினைத்து முடிப்பதற்குள் குழந்தையின் அழுகை அடங்கியிருந்தது.

எட்டிப் பார்த்தார். அவள் பவுடரைப் போட்டுப் பாட்டிலைக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். அது பசியில் வாயாலேயே பாட்டிலைத் தேடிப் பிடித்தது. ஆட்டோக்காரர் அவருக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டு, டீ சொல்லட்டுமா சார் என்று கேட்டார்.